பிரிக்காத மடிப்பு

எனக்கு மூக்கு மேல கோபம்னு வீட்லயும் சொல்வாங்க, வேலை செய்யற இடத்துலயும் சொல்வாங்க. சொல்லிட்டுப் போகட்டும். சட்டைத் தொழிற்சாலைல மடிப்புப் பிரிவுல நின்னு பாருங்க, உங்களுக்கும் வரும். தைச்சு, தேய்ச்சு, சூடு ஆறாம வர்ற சட்டையை மடிக்கணும், அட்டை சொருகணும், உறைல போடணும். நாள் முழுக்க இதேதான். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. துண்டு, போர்வை, குழந்தை துணி எல்லாத்தையும் மடிச்சுக்கிட்டே இருப்பேன். என் மடிப்புல ஒரு கிறுக்குத்தனம் உண்டு. கடைசி முனையை வெளில விடாம உள்பக்கமாத் திருப்பிச் சொருகிடுவேன். உதறினாத்தான் பிரியும். என் வீட்டுக்காரர் அவசரமாத் துண்டு எடுக்கும்போதெல்லாம், "இது துண்டா, பூட்டா?"ன்னு திட்டுவாரு.

இந்தக் கதையே ஒரு துணியைப் பத்தினதுதான், அதனால சொல்றேன்.

எங்க மூத்தவன் பொறந்தப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. நாத்தனார் வந்து கூட இருந்தாங்க. பச்சைக் குழந்தைக்குத் துணி சுத்தறதுல அவங்களை அடிச்சுக்க ஆள் இல்ல. ரெண்டு காலையும் சேர்த்து நீட்டிப் பிடிச்சு, தோள்லேர்ந்து பாதம் வரைக்கும் இறுக்கி ஒரு சுத்து. பையன் குச்சி மாதிரி கிடப்பான். "இப்பவே நேரா வச்சாத்தான் நாளைக்கு நேரா நடப்பான்"னு சொல்வாங்க. அவனும் அசையாமத் தூங்கினான். தூங்கற குழந்தையைப் பார்த்து எந்தத் தாய் கேள்வி கேப்பா?

அவன் நடக்க ஆரம்பிச்சப்ப ஒரு பக்கமாச் சாய்ஞ்சு சாய்ஞ்சு வந்தான். வாத்து வருதுடோய்னு நாங்க எல்லாரும் சிரிச்சோம். சிரிச்சதுக்கு அப்புறமா அழுதோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு எலும்பு டாக்டர் ஒரு கையைக் கிண்ணம் மாதிரி குவிச்சாரு, இன்னொரு கையை முஷ்டி பிடிச்சு அதுக்குள்ள வச்சாரு. "தொடை எலும்போட உருண்டை இப்படி இடுப்புக் கிண்ணத்துல உட்காரணும்மா. பொறந்த குழந்தைக்கு இந்தக் கிண்ணம் ஆழமா இருக்காது. குழந்தை தன் காலைத் தானே மடக்கி, விரிச்சு வச்சுக்கும். அப்படி வச்சாத்தான் உருண்டை உள்ள உட்காரும், கிண்ணமும் ஆழமாகும். நீட்டிச் சேர்த்துக் கட்டினா வெளில தள்ளும்." அதனாலதான் ஆச்சான்னு கேட்டேன். "அதனால மட்டும்தான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அது நல்லது பண்ணல"ன்னாரு.

மயக்க மருந்து குடுத்து எலும்பை உள்ள தள்ளி, மார்லேர்ந்து கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு போட்டாங்க. அந்தக் கட்டோட அவனைத் தூக்கிக்கிட்டு நான் எத்தனை படி ஏறி இறங்கினேன்னு என் முதுகைக் கேளுங்க, சொல்லும். இப்பவும் ஓடும்போது ஒரு கால் இழுக்கும். தெருப் பசங்க அதுக்கு ஒரு பேர் வச்சிருக்காங்க. அதை என் வாயால சொல்ல மாட்டேன்.

அதனால இளையவ பொறந்தப்ப நான் விடுவேனா? பிரசவ வார்டு நர்சம்மாவைப் பிடிச்சுக்கிட்டேன். "சுத்தினா இவ தூங்கறா, சுத்தாட்டி கையை உதறி உதறித் தானே முழிச்சுக்கறா. ஆனா இன்னொரு இடுப்பு போகக் கூடாது. எப்படிச் சுத்தணும்னு காட்டுங்க." அவங்க பொறுமையாக் காட்டினாங்க. மெல்லிசு பருத்தித் துணி. ஒரு முனையைக் கீழே மடிச்சு, அந்த மடிப்போட விளிம்புல தோள் வர்ற மாதிரி படுக்க வைக்கணும். துணி தோளுக்கு மேல ஏறவே கூடாது, தலைல போடவும் கூடாது. ஒரு பக்கத்தை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் முதுகுக்கு அடில விடணும், அப்புறம் அடுத்த பக்கம். மார்புக்கும் துணிக்கும் நடுல என் ரெண்டு விரல் சுளுவாப் போகணும். இடுப்புக்குக் கீழ மட்டும் பை மாதிரி தொளதொளன்னு விட்டுடணும். உள்ளுக்குள்ள கால் தவளை மாதிரி மடங்கி விரியணும், உதைக்கவும் இடம் இருக்கணும். மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும். தலகாணி, பொம்மை, போர்வை எதுவும் பக்கத்துல கூடாது. உடம்பு சுடுதான்னு கழுத்துக்குப் பின்னால தொட்டுப் பார்த்துக்கணும்.

"மேல பொட்டலம், கீழ பை"ன்னு நான் மனப்பாடம் பண்ணிக்கிட்டேன்.

"இன்னொண்ணு"ன்னாங்க நர்சம்மா. "குழந்தை உருளப் பார்க்குதுன்னு தெரிஞ்ச உடனே சுத்தறதை நிறுத்திடணும். நல்லா உருளட்டும்னு காத்திருக்கக் கூடாது. ஒருக்களிச்சுத் திரும்பினாலே போதும், அன்னிக்கே நிறுத்திடுங்க. கை உள்ள கட்டியிருக்கும்போது குப்புற விழுந்தா, தலையைத் தூக்க ஊனிக்கக் கை இருக்காது."

சரின்னு தலையாட்டினேன். பயமாவும் இருந்தது. அதனால நல்லா ஞாபகத்துல நின்னுது.

இளையவளுக்கு நாங்க வச்ச பேர் தக்காளி. அழுதா சிவந்துடுவா, சிரிச்சாலும் சிவந்துடுவா. மாசக் கணக்குல அவளோட இருந்துட்டு வேலைக்குத் திரும்பினேன். தொழிற்சாலை வளாகத்துலயே ஒரு காப்பகம் இருக்கு. ஒரு அறை, தரை முழுக்க ரப்பர் பாய், சுவரோரமாத் தொட்டில், ஜன்னல் வழியா எங்க மெஷின் சத்தம். அங்க குழந்தைகளைப் பார்த்துக்கற அக்காவுக்கு என்னை விடக் கொஞ்சம் வயசு அதிகம். மெல்லப் பேசுவாங்க. எனக்கு நேர் எதிர். முதல் நாளே ஒரு பொம்மையை வச்சு அவங்களுக்குப் பாடம் எடுத்தேன். மேல பொட்டலம், கீழ பை. உருளற மாதிரி தெரிஞ்சா நிறுத்திடணும். "தெரியும் தங்கச்சி"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. தெரிஞ்சவங்கதான். அதுல ஒரு குறையும் இல்ல.

தினமும் காலைல தக்காளியோட பைல பால் புட்டி, மாத்துத் துணி, அந்தச் சுத்தற துணி எல்லாத்தையும் மடிச்சு வைப்பேன். சாயங்காலம் பை வரும். முதல்ல கொஞ்ச நாள் அந்தத் துணி கசங்கி, பால் வாடையோட வந்துது. அப்புறம் மடிப்பு குலையாம வர ஆரம்பிச்சுது. முனை கூட உள்ள சொருகி, அச்சு அசல் என் மடிப்பு. வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். "பாருங்க, அக்கா என் மடிப்பையே கத்துக்கிட்டாங்க. எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க, ஒரு கறை இல்ல." அவர், "ஐயோ, ஊர்ல இன்னொரு பூட்டா!"ன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சோம்.

சாயங்காலம் சங்கு ஊதினதும் ஓடுவேன். வாசல்லயே நின்னு கேப்பேன். "என்னக்கா, என் தக்காளி உருண்டுச்சா?" தினமும் இதே கேள்வி. நான் எதுக்குக் கேட்டேன்னு உங்களுக்குத் தெரியும். துணியை நிறுத்தணுமா வேண்டாமான்னு தெரிஞ்சுக்கக் கேட்டேன். ஆனா கேக்கும்போது குழந்தையைப் பார்த்துட்ட சந்தோஷத்துல பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டுக் கேப்பேன். அக்காவும் சிரிப்பாங்க. "அம்மா கண்ணு முன்னாடிதான் உருளணும்னு காத்திருக்கா."

ஓகோ, இன்னும் இல்லைன்னு நான் எடுத்துக்கிட்டேன். வேற எப்படி எடுத்துக்கறது?

வீட்ல அவளைத் தரைல விட எனக்கு நேரம் எங்க இருந்துச்சு? போனதும் இடுப்புல. இடுப்புல வச்சுக்கிட்டே சமையல், மூத்தவனுக்குப் பாடம். பால் குடுத்துச் சுத்திப் படுக்க வச்சா தூங்கிடுவா. அவ உடம்பு என்னென்ன கத்துக்கிச்சுன்னு பார்க்கற பகல் வெளிச்சமெல்லாம் தொழிற்சாலைக்குப் போயிடும்.

அன்னிக்கு விடுமுறை. மத்தியானம். வீட்டுக்காரர் மூத்தவனை முடி வெட்டக் கூட்டிட்டுப் போயிருந்தாரு. தக்காளிக்குப் பால் குடுத்தேன், ஏப்பம் விட வச்சேன். அழகாச் சுத்தினேன். விரல் விட்டுப் பார்த்தேன். காலைத் தொட்டுப் பார்த்தேன், நல்லா விரிஞ்சு மடங்கியிருந்துது. இந்த இடுப்புக்கு ஒரு குறையும் வராதுன்னு எனக்கு உள்ளுக்குள்ள கர்வம் கூட. மல்லாக்கப் படுக்க வச்சேன். பக்கத்துல ஒரு பஞ்சு கூட இல்ல. கதவைத் திறந்தே வச்சுட்டுக் குளியலறைல துணி துவைக்கப் போனேன். குழாயைத் திறந்து விட்டிருந்தேன். அந்தக் குழாய்ச் சத்தத்தை இப்பக் கேட்டாலும் எனக்குக் குமட்டும்.

திரும்பி வந்தப்ப அவ குப்புறக் கிடந்தா. முகம் மெத்தையில. துணி அவிழல. அவ்வளவு ஒழுங்காக் கட்டியிருந்தேன் இல்ல, எப்படி அவிழும்?

அப்புறம் நடந்ததைக் கோர்வையாச் சொல்ல என்னால முடியாது. நான் கத்தினது எனக்கே கேக்கல. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை எடுத்தாரு. அவர் மனைவி பின்சீட்டுல என் மடில கிடந்த குழந்தை வாயிலயும் மூக்குலயும் சேர்த்து ஊதிக்கிட்டே வந்தா. ஆஸ்பத்திரில மூச்சு வந்துது. வந்துடுச்சுன்னு சொன்னப்ப நான் தரைல விழுந்து கும்பிட்டேன். மூச்சு வந்தா எல்லாம் வந்த மாதிரின்னு நினைச்சேன், முட்டாள்.

குழந்தைங்க டாக்டர் என்னை உட்கார வச்சாங்க. "ரொம்ப நேரம் மூளைக்குக் காத்து போகல. உயிர் பொழைச்சிடுவா. ஆனா..." அந்த ஆனாவுக்கு அப்புறம் அவங்க நிறைய சொன்னாங்க. எனக்கு ஆனா மட்டும்தான் கேட்டுது. கடைசில, "உருள ஆரம்பிச்ச குழந்தையைச் சுத்தக் கூடாதேம்மா"ன்னாங்க.

எனக்கு ரத்தம் கொதிச்சுது. "எனக்குத் தெரியாதா? இவ உருளவே இல்ல டாக்டர்! நான் தினமும் கேக்கறேன்! தினமும்!"

"யார்கிட்ட கேப்பீங்க?"ன்னு அவங்க கேட்டாங்க. "காப்பகத்து அக்காகிட்ட"ன்னேன்.

அக்கா சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாயும் குழாயுமாப் படுத்திருந்தவளைப் பார்த்துட்டு அங்கேயே சுவரைப் பிடிச்சுக்கிட்டாங்க. "என்ன ஆச்சு தங்கச்சி? எப்படி?"

"துணில சுத்தியிருந்தேன். புரண்டுட்டா."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கே. "இன்னும் சுத்தறீங்களா?"

"அவதான் உருளலையே! நீங்கதானே சொன்னீங்க!"

அக்கா மெல்ல, அதே மெல்லிசுக் குரல்ல சொன்னாங்க. "உருண்டாளே... அங்க எப்பவோ உருண்டுட்டாளே. உருண்ட அன்னிக்கே நான் சுத்தறதை நிறுத்திட்டேன்."

"அப்ப துணி?"

"பிரிக்கவே இல்ல. நீங்க மடிச்சு அனுப்பினதை அப்படியே திருப்பி வச்சுடுவேன்."

அது என் மடிப்பு. அச்சு அசல் என் மடிப்பு. வாழ்க்கை பூரா மடிக்கறவளுக்குத் தன் மடிப்பைப் பார்த்து அது தன்னோடதுன்னு தெரியல.

"ஏன் சொல்லல?"ன்னு கேட்டேன். கத்தல. கத்தத் தெம்பில்ல.

அக்கா அழுதுக்கிட்டே சொன்னாங்க. காப்பகத்துல அது ஒரு வழக்கமாம். குழந்தை முதல் முதலா உருண்டதையோ, உட்கார்ந்ததையோ, நடந்ததையோ அம்மாக்கள்கிட்ட சொல்ல மாட்டாங்களாம். நாள் பூரா மெஷின்ல நிக்கற பொம்பளைங்க, பெத்தவளுக்கு முன்னாடி யாரோ பார்த்துட்டாங்கன்னா மனசு உடைஞ்சு போவாங்கன்னு. வீட்ல அம்மா பார்க்கறதுதான் முதல் தடவையா இருக்கட்டும்னு. யார் ஆரம்பிச்சு வச்சாங்களோ, எல்லாரும் அப்படியே செய்வாங்களாம். "நீங்க அவ்வளவு ஆசையாச் சிரிச்சுக்கிட்டு தினம் கேப்பீங்க. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல. வீட்ல ஒரு நாள் பார்த்துடுவீங்க, அப்ப நீங்களும் நிறுத்திடுவீங்கன்னு..."

நான் என்ன பண்ணினேன்னு வெட்கமில்லாம சொல்றேன். அவங்க தலைமயிரைப் பிடிச்சேன். "என் ஆசையைக் காப்பாத்தினியாடீ? எவ கேட்டா உன்கிட்ட? என் குழந்தையைக் காப்பாத்தச் சொல்லித்தானே விட்டேன்!" வீட்டுக்காரர் வந்து பிரிச்சு விட்டாரு. அக்கா தடுக்கவே இல்ல. தடுத்திருந்தா கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

ஒருத்தர் கெட்ட எண்ணத்தோட செஞ்சிருந்தா சபிச்சுட்டுத் தூங்கலாம். இரக்கப்பட்டுச் செஞ்சவளை என்னன்னு சபிக்கறது? அதுக்கும் சேர்த்து அவங்க மேல எனக்குக் கோபம். நிர்வாகம் அவங்களை வேலையை விட்டு நிறுத்திட்டுது. நான் ஒரு வார்த்தை எதிராவும் சொல்லல, ஆதரவாவும் சொல்லல.

தக்காளி வீட்டுக்கு வந்தா. இப்ப அழுதாலும் அவ்வளவா சிவக்கறதில்ல. கண்ணு எங்கயோ பார்க்கும். கை முஷ்டி பிடிச்சே இருக்கும். கால் ரெண்டும் விறைச்சுக் கத்திரிக்கோல் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பொண்ணு வருவா. சின்ன வயசு, நல்ல கை. முதல் நாள் துண்டை உருட்டித் தொடைக்கு நடுல வச்சுக் காட்டினா. "காலை இப்படி மடக்கி, விரிச்சே வைக்கணும்மா. சேர்ந்தே இருந்தா இடுப்பு எலும்பு கிண்ணத்தை விட்டு நழுவிடும்."

எனக்குச் சிரிப்பு வந்துது. சத்தமாச் சிரிச்சேன். அந்தப் பொண்ணு பயந்துட்டா. "எனக்குத் தெரியும்மா, இந்த ஒரு பாடம் எனக்கு நல்லாத் தெரியும்"னேன். மூத்தவன் காலை இழுத்துக்கிட்டு ஓடி வந்து, "ஏம்மா சிரிக்கறே?"ன்னு கேட்டான். அவனுக்கு என்னன்னு சொல்றது?

பயிற்சிப் பொண்ணு கிளம்பும்போது வாசல்ல நிறுத்திக் கேட்டேன். "இவ மறுபடி உருளுவாளா?" அவ குனிஞ்சு செருப்பு வாரைச் சரி பண்ணினா. "பயிற்சியை விடாமப் பண்ணுங்க"ன்னா. அது பதில் இல்லைன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் நான் விடல. காலைலயும் சாயங்காலமும் காலை விரிச்சு மடக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்.

நேத்து வேலையிலேர்ந்து வரும்போது வீட்டுக்குப் போகல. விசாரிச்சு விசாரிச்சு அக்கா வீட்டைக் கண்டுபிடிச்சுப் போனேன். ரெண்டாவது மாடி, ஒரே அறை. கதவைத் திறந்தவங்க என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால போனாங்க. தலைல கை போச்சு, நான் பிடிச்ச அதே இடத்துல.

"அடிக்க வரல"ன்னேன்.

உட்காரச் சொன்னாங்க. உட்காரல. தண்ணி குடுத்தாங்க. குடிக்கல. அவங்க மன்னிப்புக் கேக்க ஆரம்பிச்சாங்க. "அதெல்லாம் வேண்டாம்"னு கையைக் காட்டினேன். எனக்கு வேண்டியது அது இல்ல. நான் பெத்த குழந்தை உருண்டதை இந்த உலகத்துல பார்த்த ரெண்டு கண்ணு இவங்களோடதுதான். எனக்குன்னு ஒதுக்கி வச்ச அந்த முதல் தடவை இவங்ககிட்டயே தங்கிப் போச்சு.

"சொல்லு"ன்னேன். "எப்படி உருண்டா?"

அக்கா என் முகத்தையே பார்த்தாங்க. அப்புறம் சேலை முனையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு, தரைல மண்டி போட்டு உட்கார்ந்தாங்க. தரையைக் கையால தட்டிக் காட்டினாங்க, ஏதோ அவ அங்கயே படுத்திருக்கற மாதிரி.

"ஜன்னல் பக்கம் பாய்ல படுத்திருந்தா. பக்கத்துல ஒரு சிவப்புக் கிண்ணம், பிளாஸ்டிக். அதையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருந்தா. காலை ரெண்டையும் தூக்கினா, வயித்துக்கிட்ட. நல்லா விரிச்சு, தவளை மாதிரி. அப்படியே இடது பக்கமாச் சாய்ஞ்சா. பாதில மாட்டிக்கிட்டா. கோபம் வந்துடுச்சு, மூஞ்சி சிவந்து... உங்க கோபம்தான் தங்கச்சி, அப்படியே உங்க மூஞ்சி. ஒரு உதை விட்டா பாருங்க, புரண்டுட்டா. கை ஒண்ணு அடில மாட்டிக்கிச்சு. அதைத் தானே இழுத்துக்கிட்டா. ரெண்டு கையையும் ஊனித் தலையைத் தூக்கி, என்னைப் பார்த்து..."

அக்காவால முடியல.

"என்னைப் பார்த்து?"ன்னேன்.

"சிரிச்சா."

ரெண்டு கையையும் ஊனி. கை வெளில இருந்துது, ஊனிக்கிட்டா. தலையைத் தூக்கினா, சிரிச்சா. நான் அந்தத் தரையையே பார்த்துக்கிட்டு நின்னேன். கீழ தெருவுல யாரோ வண்டியைக் கிளப்ப முடியாம உதைச்சுக்கிட்டிருந்தாங்க. வீட்ல எல்லாரும் தேடுவாங்க, தக்காளிக்குப் பயிற்சி நேரம்.

நான் அவங்க எதிர்ல தரைல உட்கார்ந்தேன்.

"மறுபடி முதல்லேர்ந்து சொல்லுக்கா"ன்னேன்.